எடை சரியாக இருந்தும் சத்தில்லாத குழந்தை: ஆர்ஃபிட் கோளாறும் படிப்படியான உணவுப் பயிற்சியும்

ஒரு குழந்தை ஆறே வகை உணவைத்தான் சாப்பிடுகிறது. ஏழாவதாக எதைத் தட்டில் வைத்தாலும் முகத்தைத் திருப்புகிறது, சில நேரம் பார்த்தவுடனே குமட்டுகிறது. ஆனால் எடை வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது, ஓடி விளையாடுகிறது. இப்படிப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு நேரெதிரான இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். "எடை நன்றாக இருக்கிறது, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும்" என்பது மற்றொன்று. சில குழந்தைகளுக்கு இந்த இரண்டுமே ஆபத்தாக முடியும். அது ஏன் என்பதையும், மருத்துவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும், அதன்பின் வீட்டில் உணவுப் பயிற்சி எப்படி நடக்கும் என்பதையும் ஒரே குழந்தையின் கதையை வைத்துப் பார்ப்போம்.

## எதை ஆர்ஃபிட் என்கிறார்கள்

'அவாய்டன்ட் ரெஸ்ட்ரிக்டிவ் ஃபுட் இன்டேக் டிஸ்ஆர்டர்' என்ற நீண்ட பெயரின் சுருக்கம்தான் ஆர்ஃபிட். உடலுக்குக் கேடு வரும் அளவுக்கோ, அன்றாட வாழ்க்கை முடங்கும் அளவுக்கோ ஒருவர் உணவைத் தவிர்ப்பது அல்லது குறைத்துக்கொள்வது இந்தக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இந்தப் பெயர் முதலில் வந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலிலும் இது இருக்கிறது.

உணவைத் தவிர்ப்பதால் கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று ஏற்பட்டிருந்தால் ஆர்ஃபிட் என்று யோசிக்க வேண்டும்.

1. எடை குறைவது, அல்லது வளரும் வயதில் எடையும் உயரமும் ஏற வேண்டிய அளவு ஏறாமல் நிற்பது.
2. இரும்பு, வைட்டமின் போன்ற சத்துகளில் குறிப்பிடத்தக்க குறைபாடு.
3. குழாய் வழி உணவையோ, சத்துப் பானங்களையோ நம்பியே வாழும் நிலை.
4. பள்ளி, விருந்து, பயணம், குடும்பச் சாப்பாடு ஆகியவற்றில் கலந்துகொள்ள முடியாத அளவுக்கு வாழ்க்கை பாதிக்கப்படுவது.

எடை குறைவது இந்த நான்கில் ஒன்று மட்டுமே என்பதைக் கவனியுங்கள். பால், ரொட்டி, பிஸ்கட் மட்டுமே சாப்பிடும் குழந்தைக்குக் கலோரி போதுமான அளவு கிடைத்துவிடும். வளர்ச்சி வரைபடத்தில் அதன் புள்ளி அழகாக நடுக்கோட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இரும்பும் வைட்டமின்களும் தீர்ந்துகொண்டிருப்பதை அந்த வரைபடம் காட்டாது. தாமதமாகக் கண்டுபிடிக்கப்படும் குழந்தைகள் பெரும்பாலும் இவர்கள்தான்.

வீட்டில் உணவு கிடைக்காததாலோ, நோன்பு போன்ற வழக்கத்தாலோ உண்ணாதிருப்பது இதில் சேராது. உடல் பருத்துவிடுமோ என்ற பயத்தால் சாப்பிடாமல் இருப்பதும் வேறு நோய். ஆர்ஃபிட் உள்ள குழந்தைக்குத் தன் உடலின் தோற்றம் பற்றிக் கவலையே இருக்காது.

தவிர்ப்பதற்கான காரணம் மூன்று விதமாக இருக்கலாம். உணவின் மணம், நிறம், வழுவழுப்பு, சத்தம் போன்றவற்றைத் தாங்க முடியாமல் தவிர்ப்பது முதல் வகை. பசியோ உணவில் ஆர்வமோ இல்லாதது இரண்டாவது. தொண்டையில் சிக்கிவிடும், வாந்தி வந்துவிடும் என்ற பயம் மூன்றாவது. ஒரே குழந்தையிடம் இரண்டு வகை சேர்ந்தும் வரலாம். இந்தக் கட்டுரை முதல் வகையைத்தான் விரிவாகப் பார்க்கிறது.

சாதாரணமாகச் சாப்பாட்டில் அடம்பிடிக்கும் குழந்தையிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? இரண்டு வயது தொடங்கிச் சில ஆண்டுகள் புது உணவை ஒதுக்குவது பல குழந்தைகளிடம் உள்ளதுதான். அந்தக் குழந்தை காய்கறியைத் தள்ளிவைத்தாலும் பழமோ முட்டையோ சாப்பிடும். நன்றாகப் பசித்தால் கொஞ்சம் இறங்கிவரும். ஆண்டுகள் போகப் போகப் பட்டியல் நீளும். ஆர்ஃபிட்டில் பட்டியல் சுருங்கும். போன வருடம் சாப்பிட்டதை இந்த வருடம் சாப்பிடாது, விட்ட உணவு திரும்பி வராது. பசி வந்தாலும் குமட்டல் விடாது. பட்டினி போட்டால் சாப்பிடும் என்ற யோசனை தோற்றுப்போவது இதனால்தான்.

## ஒரு குழந்தை

மருத்துவர்கள் பல குழந்தைகளிடம் காணும் கூறுகளைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு இது. ஏழு வயதுப் பையன். எடை 22 கிலோ, உயரம் 120 செ.மீ. இரண்டுமே வயதின் சராசரிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவன் சாப்பிடுபவை: பால், ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி, ஒரே வகை பிஸ்கட், எதுவும் சேர்க்காத வெறும் நூடுல்ஸ், பொரித்த சோள நொறுக்கு, வெனிலா ஐஸ்கிரீம். பிஸ்கட்டின் உறை மாறினால்கூட வேண்டாம் என்பான். நான்கு வயதில் வாந்தி பேதி வந்தபோது வாழைப்பழத்தை விட்டான். அப்புறம் முட்டை போயிற்று. பழம், காய், பருப்பு, இறைச்சி எதுவும் இப்போது கிடையாது.

பெற்றோர் மருத்துவரிடம் போனது சாப்பாட்டுக்காக அல்ல. மூன்று வாரமாகக் கால் வலி என்று அழுதான். மாடிப்படி ஏற மறுத்தான், நொண்டி நடந்தான். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. மூட்டு நோயாக இருக்குமோ, எலும்புக்குள் ஏதாவது கோளாறோ என்று முதலில் தேடினார்கள். அவன் என்ன சாப்பிடுகிறான் என்று விவரமாக யாரும் கேட்கவில்லை. எடை சரியாக இருந்ததால் கேட்கத் தோன்றவும் இல்லை.

## மருத்துவப் பரிசோதனை: பயிற்சிக்கு முன் ஏன்

வாயில் வலி, விழுங்குவதில் சிக்கல், உணவுக்குழாயில் அழற்சி, கடுமையான மலச்சிக்கல் என்று உடலில் ஒரு காரணம் இருந்தால், அந்தக் குழந்தை உணவை மறுப்பது நியாயமான தற்காப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் பயிற்சியைத் தொடங்கினால், ஒவ்வொரு வாயிலும் வலியைப் பழக்குகிறோம் என்றாகிவிடும். அதனால்தான் உடலை முதலில் பார்க்க வேண்டும்.

உணவுக் குறிப்பு. மூன்று முதல் ஏழு நாட்கள் வரை குழந்தை உண்மையில் விழுங்கிய ஒவ்வொன்றையும் அளவோடு எழுதிவர வேண்டும். தட்டில் வைத்த அளவை எழுதினால் கணக்கு தவறிவிடும். இந்தப் பையனின் குறிப்பில் முதலில் கண்ணில் பட்டது பால். நாளொன்றுக்கு 800 மி.லி. குடித்தான். கொழுப்பு நீக்காத பாலில் இது ஏறக்குறைய 520 கலோரி, அவனுடைய ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. பால் வயிற்றை நிரப்பிப் பசியை அடக்குகிறது. அதில் இரும்பும் மிகக் குறைவு, மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது குறைக்கும்.

விழுங்குவது பற்றிய கேள்விகள். சாப்பிடும்போது இருமுகிறானா? குடித்தபின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலிக்கிறதா? அடிக்கடி நிமோனியா வந்ததா? ஆம் என்றால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பேச்சு மற்றும் விழுங்கல் நிபுணர் பார்த்த பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் வெகுநேரம் மெல்வது, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்து இறக்குவது, ரொட்டியையும் இறைச்சியையும் மட்டும் குறிப்பாகத் தவிர்ப்பது ஆகியவை வேறு ஒன்றைக் காட்டும். உணவுக்குழாய்ச் சுவரில் ஈசினோஃபில் என்ற ரத்த வெள்ளணுக்கள் குவியும் ஒவ்வாமை அழற்சி அது. எண்டோஸ்கோபி செய்து திசுவை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். வெளியிலிருந்து பார்த்தால் மெதுவாகச் சாப்பிடும் பிள்ளை என்று மட்டுமே தெரியும்.

உடல் பரிசோதனை. பழைய எடை, உயரக் குறிப்புகளையும் சேர்த்து வளர்ச்சி வரைபடம், படுத்தும் நின்றும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், பற்கள், டான்சில், ஈறு, தோல், வயிற்றில் தேங்கிய மலம். கண்ணையும் விடக்கூடாது. பல மாதங்கள் மிகக் குறுகிய உணவில் இருக்கும் குழந்தைக்கு வைட்டமின் ஏ குறைந்து, மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறலாம். ஆட்டிசம், பதற்றக் கோளாறு, கவனக்குறைவுக் கோளாறு ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். கவனக்குறைவுக்குத் தரும் சில மருந்துகள் பசியைக் குறைக்கும் என்பதால் மருந்துப் பட்டியலும் வேண்டும்.

ரத்தப் பரிசோதனை. ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12, ஃபோலேட், துத்தநாகம், தைராய்டு, சிறுநீரகம், உப்புகள் ஆகியவற்றோடு கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை. குழந்தை கோதுமை உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் இந்தக் கடைசிப் பரிசோதனையை நம்ப முடியும். முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டலாம். ஃபெரிட்டின் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்தப் பையனுக்கு வந்த முடிவுகள்: ஹீமோகுளோபின் 10.4 கிராம். அவன் வயதில் 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 6, இருக்க வேண்டியது குறைந்தது 15. சி.ஆர்.பி. இயல்பு, எனவே ஃபெரிட்டின் எண்ணை அப்படியே நம்பலாம். சீலியாக் இல்லை. வைட்டமின் சி மிகக் குறைவு. கால் வலிக்கும் ஈறு ரத்தத்துக்கும் விடை அதுதான். வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் அது. முன்னொரு காலத்தில் மாலுமிகளுக்கு வந்த நோய் இந்தக் காலத்துக் குழந்தைக்கு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. பழமும் காயும் உருளைக்கிழங்கும் அறவே இல்லாத உணவில் சில மாதங்கள் போனால் யாருக்கும் வரும்.

## முதலில் சரிசெய்ய வேண்டியவை

மருத்துவர் நாளொன்றுக்கு 300 மி.கி. வைட்டமின் சி, ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. என்ற கணக்கில் இரும்புச் சொட்டு மருந்து, வைட்டமின் டி ஆகியவற்றைத் தொடங்கினார். ஸ்கர்வி வலி சிகிச்சைக்குச் சட்டென்று இணங்கும், ஓரிரு வாரத்தில் பையன் பழையபடி நடந்தான். இரும்பு அப்படியல்ல. நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். எண்ணிக்கை சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இரண்டு, மூன்று மாதம் தொடர வேண்டும். இரும்பு மருந்து மலத்தை இறுக்கக்கூடும், மலம் இறுகினால் பசி போய்விடும். ஆகவே மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து தேவைப்படலாம். இரும்பு மருந்தைக் குழந்தைகள் அதிகமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, பூட்டி வைக்க வேண்டியது அவசியம்.

மருந்தைப் பாலில் ஒளித்துக் கொடுக்கவே கூடாது. மணத்தையும் சுவையையும் நுட்பமாகப் பிரித்தறியும் குழந்தை இது, கண்டுபிடித்துவிடும். பிறகு பாலையும் விட்டுவிடும். ஆறு உணவு ஐந்தாகிவிடும். என்ன மருந்து, எத்தனை சொட்டு என்று சொல்லி, ஊசியில்லாத சிறு சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கம் விட்டு, உடனே பிடித்ததைக் குடிக்கக் கொடுப்பது நேர்மையான வழி. பிடித்தது பால்தான் என்றாலும் இரும்புச் சொட்டுக்குப் பின் மட்டும் தண்ணீர் கொடுக்க வேண்டும், பாலுக்கும் அதற்கும் இடைவெளி தேவை.

பாலின் அளவை வாரத்துக்கு 100 மி.லி. வீதம் குறைத்து நான்கு வாரத்தில் 400-க்குக் கொண்டுவந்தார்கள். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் அவனுடைய மூன்றில் ஒரு பங்கு உணவு காணாமல் போயிருக்கும். குறைக்கும் வாரங்களில் எடையையும் பார்த்துக்கொண்டார்கள்.

## சாப்பாடு வேறு, பயிற்சி வேறு

இந்தத் திட்டம் முழுவதும் நிற்பது இந்த ஒரு பிரிவின் மேல்தான். சாப்பாட்டு வேளையின் வேலை உடலுக்கு ஆற்றல் கொடுப்பது. பயிற்சி வேளையின் வேலை புது உணவோடு குழந்தையைப் பழக்குவது. இரண்டையும் ஒரே தட்டில் கலந்தால் இரண்டும் கெடும்.

சாப்பாட்டு வேளையில், இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளியில் ஒரு நாளில் ஐந்து அல்லது ஆறு தடவை உணவு. நடுவே தண்ணீர் மட்டும். ஒவ்வொரு வேளையிலும் அவன் கண்டிப்பாகச் சாப்பிடும் இரண்டு உணவுகளாவது மேசையில் இருக்கும். மற்றவர்கள் தங்கள் உணவைச் சாப்பிடுவார்கள். அரை மணி நேரத்தில் தட்டு எடுக்கப்படும். "இன்னும் ஒரு வாய்", "இதைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்", "தம்பியைப் பார், எப்படிச் சாப்பிடுகிறான்" எதுவும் கிடையாது. இது செல்லம் கொடுப்பது ஆகாதா என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்பார்கள். பதற்றத்தில் இருக்கும் உடலில் பசி அடங்கிவிடும். அழுத்தம் நீங்கினால்தான் பசி மேலே வரும்.

பயிற்சி தனி நேரத்தில், முடிந்தால் தனி இடத்தில் நடக்கும். வாரத்தில் ஐந்து நாள், ஒரே நேரம், பத்து நிமிடம். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் போயிருந்தால் நல்லது, கொடும்பசியும் இருக்காது, வயிறும் நிறைந்திருக்காது. ஒரே பெரியவர் உடனிருப்பார். கையருகே ஒரு காகிதத் துண்டும் துப்புவதற்கு ஒரு கிண்ணமும் இருக்கும். துப்பலாம் என்ற அனுமதி முதல் நாளே தரப்படுகிறது, அது இல்லாமல் வாயில் எதுவும் போகாது.

## எந்த உணவிலிருந்து தொடங்குவது

பெற்றோருக்குக் காய்கறியிலிருந்து தொடங்கத்தான் ஆசை. ஆனால் குழந்தை ஏற்கெனவே சாப்பிடும் ஒன்றுக்கு மிக நெருக்கமானது எது என்று பார்க்க வேண்டும். இவனுடைய பட்டியலைப் பாருங்கள்: வெளிர் நிறம், உலர்ந்தது, மொறுமொறுப்பு, மணம் குறைவு. சோள நொறுக்குக்குப் பக்கத்தில் இருப்பது உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ். அங்கிருந்து மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், பிறகு தடித்த வறுவல், பிறகு அடுப்பில் சுட்ட துண்டு, கடைசியில் வேகவைத்தது. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒரே ஒரு குணத்தில்தான் மாறுகிறது. உருளைக்கிழங்கில் வைட்டமின் சி இருக்கிறது என்பதால் அவனுடைய குறைபாட்டுக்கும் இது பொருந்துகிறது.

சிப்ஸைப் பயிற்சியாகக் கொடுப்பதா என்று முகம் சுளிக்க வேண்டாம். இது ஆரோக்கிய உணவுப் பட்டியல் தயாரிக்கும் நேரம் அல்ல. 'புதியது ஒன்றை என்னால் சாப்பிட முடிந்தது' என்ற முதல் அனுபவம் அவனுக்குக் கிடைக்க வேண்டும். அது எந்த உணவிலிருந்து வந்தாலும் சரி.

## படிகள்

சிரமத்தை 0 முதல் 5 வரை முகப் படங்களால் காட்டும் அட்டை ஒன்று அவனிடம் இருந்தது. 0 என்றால் ஒன்றும் இல்லை, 5 என்றால் தாங்க முடியவில்லை. சிப்ஸுக்குப் போட்ட படிகள் இவை.

1. மூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிப்ஸ், ஒரு கை தூரத்தில், இரண்டு நிமிடம்.
2. மூடியை அவனே திறந்து, கிண்ணத்தைப் பக்கத்தில் இழுப்பது.
3. விரலால் உடைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்பது.
4. மூக்கருகே கொண்டுவந்து முகர்வது.
5. உதட்டில் தொடுவது.
6. நாக்கு நுனியால் தொட்டுத் துடைத்துக்கொள்வது.
7. அரிசி அளவு துணுக்கை வாயில் வைத்துத் துப்புவது.
8. அதையே மூன்று தடவை மென்று துப்புவது.
9. அதையே மென்று விழுங்குவது.
10. கால் சிப்ஸ், அரை, ஒன்று, ஐந்து.

முன்னேறும் விதியும் எழுதப்பட்டிருந்தது. ஒரு படியை இரண்டு அமர்வுகளில் 2-க்கு மேல் போகாமல் செய்துவிட்டால் அடுத்த படி. 4 அல்லது 5 என்று காட்டினால், அல்லது ஒரே அமர்வில் இரண்டு தடவை குமட்டினால், ஒரு படி கீழே. வாந்தி வந்தால் அன்றைக்கு முடிந்தது, மறுநாள் இரண்டு படி கீழே. குமட்டல் வரும்போது பெரியவர் பதறக்கூடாது, திட்டவும் கூடாது. நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, அவனால் முடிகிற ஒரு கீழ்ப் படியைச் செய்யவைத்து முடிக்க வேண்டும். தோல்வியில் முடியும் அமர்வை மறுநாள் குழந்தை நினைவில் வைத்திருக்கும்.

பேச்சிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. "ரொம்ப ருசியா இருக்கும்டா" என்று சொல்லிவிட்டால், ருசிக்கவில்லை என்றதும் அவனுக்கு அம்மாமேல் நம்பிக்கை போய்விடும். அதனால் அம்மா கேட்டது இப்படி: "உப்பு தெரியுதா? நூடுல்ஸ் மாதிரி வழுக்குதா, பிஸ்கட் மாதிரி உடையுதா?" அவன் சொல்வான்: "உடையுது. ஆனா நாக்குல ஒட்டுது." அந்த விவரத்தை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டார். ஒட்டுவதுதான் சிரமம் என்று தெரிந்ததும், துணுக்கை வாயில் வைத்தபின் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம் என்று விதி மாறியது. வெகுமதியாக ஒரு ஸ்டிக்கர், அதுவும் படியைச் செய்ததற்கு. பிடித்தது என்று சொன்னதற்காகவோ விழுங்கியதற்காகவோ கிடையாது.

## நடந்தது என்ன

முதல் நான்கு படிகள் இரண்டு வாரத்தில் முடிந்தன. உதட்டில் தொடும் படியில் ஒரு வாரம் ஆனது. துப்புவதிலிருந்து விழுங்குவதற்குப் போகும் இடத்தில், அதாவது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில், அப்படியே நின்றுவிட்டான். அது எதிர்பார்த்ததுதான். அந்த இடைவெளியில் ஒரு படியை நுழைத்தார்கள்: துணுக்கை நாக்கில் கரையவிட்டு, அந்த உப்புத் தண்ணீரை மட்டும் விழுங்குவது.

அந்த வாரத்தில்தான் ஒரு சறுக்கல். பயிற்சியில் நன்றாகச் செய்கிறான் என்று கேட்ட உறவினர் ஒருவர், அன்போடுதான், சிப்ஸைப் பொடித்து மதிய நூடுல்ஸில் தூவிவிட்டார். பையன் ஒரு வாய் வைத்தான், துப்பினான், நூடுல்ஸையே விட்டுவிட்டான். பாதுகாப்பான ஓர் உணவு போனால் இந்தக் குழந்தைக்கு அது பெரிய இழப்பு. பெற்றோர் நூடுல்ஸைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள். பிரிக்காத பாக்கெட்டை அவனே பிரித்துக் கொடுத்தான், அவன் பார்க்கவே வேகவைத்தார்கள், மேசையில் வைத்தார்கள், வற்புறுத்தவில்லை. பத்து நாள் போல ஆயிற்று, திரும்பச் சாப்பிட்டான். சிப்ஸ் பயிற்சி ஆறாம் படியிலிருந்து மறுபடி தொடங்கியது.

இரண்டாம் மாதக் கடைசியில் ஐந்து சிப்ஸ் சாப்பிட்டான். அதன்பின் மெல்லிய வறுவலுக்குப் பத்து நாள்தான் பிடித்தது. முதல் உணவுக்கு ஆகும் காலம் நீளம், அடுத்தடுத்தவை வேகம் பிடிக்கும். ஒரு புதிய உணவைப் பழக, சாதாரணக் குழந்தைக்கே எட்டிலிருந்து பதினைந்து தடவை சுவைக்க வேண்டியிருக்கலாம். ஆர்ஃபிட்டில் அதைவிட அதிகம் பிடித்தால் வியப்பில்லை. ஒருமுறை விழுங்கிவிட்டான் என்று விட்டுவிடாமல், வாரத்தில் சில நாளாவது அந்த உணவு அவன் முன் வர வேண்டும், இல்லையென்றால் நழுவிவிடும்.

இன்னொரு சங்கிலி நூடுல்ஸிலிருந்து கிளம்பியது. கொஞ்சம் தடித்த நூடுல்ஸ், முட்டை சேர்த்துச் செய்த நூடுல்ஸ், வெண்ணெய் தடவியது, அப்புறம் தனித் தட்டில் முட்டைத் துணுக்கு. ஆறு மாதத்தில் பட்டியலில் பதினொரு உணவு, ஹீமோகுளோபின் 12.1. வேகவைத்த உருளைக்கிழங்கு இன்னும் வரவில்லை. பழம் ஒன்றும் இல்லை. அதனால் வைட்டமின் சி மருந்து தொடர்கிறது. இரும்பை நிறுத்தி மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பார்ப்பார்கள், உணவிலிருந்து கிடைப்பது போதுமா என்பது அப்போதுதான் தெரியும்.

## மற்ற வகைகளில் என்ன மாறும்

தொண்டையில் சிக்கியதால் பயந்த குழந்தைக்கு ஏணி வேறு. பெரும்பாலும் ஒரு நாளில் தொடங்கிய கோளாறு அது, முந்தின நாள்வரை எல்லாம் சாப்பிட்டிருக்கும். அங்கே மணமும் நிறமும் பிரச்சினையே அல்ல. கூழ், மசித்தது, மென்மையான துண்டு, கடினமான துண்டு என்று பதமும் அளவும்தான் படிகள். ஆனால் எடை வேகமாக இறங்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு நெருக்கமாக வேண்டும். பசியே இல்லாத குழந்தைக்குப் புது உணவைவிட, நேரம் தவறாத உணவு வேளைகளும், சிறு அளவில் அதிகக் கலோரி தரும் உணவுகளும் முக்கியம்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் உருவான ஆர்ஃபிட்டுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது. இருபது முதல் முப்பது அமர்வுகள். அதிலும் மையம் இதே படிப்படியான பழக்கம்தான். சின்னக் குழந்தைகளுக்குப் பெற்றோர் வழியாகவே சிகிச்சை நடக்கிறது. எந்த முறை சிறந்தது என்று ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இன்னும் குறைவு. ஆர்ஃபிட்டுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

## வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நிலை

விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போவது, எழுந்தால் மயக்கம், தண்ணீரும் குடிக்க மறுப்பது, சிறுநீர் குறைவது, சில வாரங்களில் எடை சரசரவென்று இறங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாத குழந்தைக்கு வீட்டில் திடீரென்று நிறைய உணவு கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை சட்டென்று சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். மருத்துவமனையில் உணவை அளந்து, ரத்தம் பார்த்துக் கூட்டுவார்கள்.

அவசரம் எதுவும் இல்லை, ஆனால் நான்கு வாரமாக ஒரு படிகூட நகரவில்லை என்றால், குழந்தையைக் குறை சொல்வதற்கு முன் மூன்றைப் பாருங்கள். மலச்சிக்கல் திரும்பிவிட்டதா? படிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் யாராவது இன்னும் வற்புறுத்துகிறார்களா? மூன்றும் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், குழந்தை மருத்துவர், உணவியல் நிபுணர், விழுங்கல் நிபுணர், உளவியலாளர் சேர்ந்து பார்க்கும் குழுவிடம் போகும் நேரம் அது. போகும்போது உணவுக் குறிப்பையும் பயிற்சி ஏட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் படியில் எத்தனை நாள் நின்றான், அன்று என்ன சொன்னான் என்ற விவரங்களிலிருந்துதான் அவர்கள் தொடங்குவார்கள்.